ரிவிஷனுக்கு எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும்?

ஒரு பாடத்தை நாலாவது முறை படிக்கும்போது ஒரு நிம்மதி வரும். அடுத்த வரி என்னவென்று கண் போவதற்கு முன்பே மனம் போய்விடும், படத்தைப் பார்த்தால் பாகங்களின் பெயர்கள் எல்லாம் தெரிந்த முகங்களாக இருக்கும், சரி இது முடிந்தது என்று புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். நானும் பல வருடம் இப்படித்தான் படித்தேன். தேர்வு அறையில் உட்கார்ந்தால், அந்தப் பாடம் இடதுபக்கத்தில் இருந்தது, மேலே ஒரு படம் இருந்தது, படத்துக்குக் கீழே மஞ்சளில் கோடு போட்டிருந்தேன் என்பது வரை கண்முன் நிற்கும். கோடு போட்ட வரியில் என்ன இருந்தது என்பது மட்டும் வராது.

பார்த்தால் அடையாளம் தெரிவது ஒரு வேலை, பார்க்காமல் வரவழைப்பது இன்னொரு வேலை. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது நாம் பழகுவது முதல் வேலையை. தேர்வு கேட்பதோ பெரும்பாலும் இரண்டாவதை. இது வெறும் கருத்து என்று நினைக்க வேண்டாம், இதை நேருக்கு நேர் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள்.

2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை அது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதி, நாலு சுற்று, வாசிக்கும் சுற்று ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். ஒரு குழு நாலு சுற்றிலும் வாசித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது, மீதி மூன்று சுற்றிலும் வெற்றுத்தாளில் ஞாபகம் வந்ததை எல்லாம் எழுதியது. எழுதியது சரியா தப்பா என்றுகூட யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வாசித்த குழு அந்தப் பகுதியைச் சராசரியாக 14 முறைக்கு மேல் படித்திருந்தது, எழுதிய குழு மூன்றரை முறைக்கும் குறைவாக.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் வாசித்தவர்கள்தான் ஜெயிக்கிறார்கள்: 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து வைத்தால் அப்படியே தலைகீழ். வாசித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 61-ல் நிற்கிறார்கள். அதாவது முதல் குழு தன்னிடம் இருந்ததில் பாதிக்கு மேல் இழந்திருக்கிறது, இரண்டாவது குழு ஏழில் ஒரு பங்குதான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் 14 முறை வாசித்தவர்கள். படிக்கும்போது வரும் அந்த நிம்மதி, ஒரு வாரம் கழித்து என்ன மிஞ்சும் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அந்தச் சோதனையில் இன்னொரு உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தேர்வு இன்னும் ஐந்து நிமிடத்தில் என்றால் திரும்ப வாசிப்பதுதான் நல்லது. முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து படித்துப் பாஸ் ஆனவர்கள் இருப்பதும் இதனால்தான். அந்த முறை அப்போதைக்கு வேலை செய்கிறது, ஆனால் சரக்கு நிற்பதில்லை, அடுத்த தேர்வில் அதே பாடம் வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சரி, பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது ஏன் இவ்வளவு வித்தியாசம் செய்கிறது? இதைப் புரிந்துகொள்ள உளவியலாளர்களான ராபர்ட் பியார்க், எலிசபெத் பியார்க் இருவரும் 1992-ல் முன்வைத்த ஒரு பிரிப்பு ரொம்ப உதவும். ஒவ்வொரு நினைவுக்கும் இரண்டு வலுக்கள் உண்டு என்கிறார்கள். ஒன்று, அது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது. அதைப் பதிவு வலு என்று வைத்துக்கொள்வோம். மற்றது, இந்த நிமிடம் அது எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறது என்பது, அது மீட்பு வலு. சின்ன வயதில் குடியிருந்த வீட்டு முகவரி ஆழமாகப் பதிந்திருக்கும், இன்று கேட்டால் சட்டென்று வராது. நேற்று தங்கிய விடுதி அறையின் எண் இன்று சட்டென்று வரும், அடுத்த மாதம் இருக்காது. இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும்.

இவர்கள் சொல்லும் முக்கியமான விஷயம், இந்த இரண்டுக்கும் உள்ள உறவு. மீட்பு வலு உச்சத்தில் இருக்கும்போது, அதாவது இப்போதுதான் படித்து முடித்த சூட்டில், மறுபடி படித்தால் பதிவு வலு கொஞ்சம்தான் கூடும். மீட்பு வலு இறங்கிப்போய், யோசித்து யோசித்து, தட்டுத்தடுமாறி அந்த விஷயத்தை வெளியே கொண்டுவந்தால் பதிவு வலு நிறையக் கூடும். ஆகவே கொஞ்சம் மறப்பது என்பது படிப்புக்கு எதிரி கிடையாது, அடுத்த முறை பலன் கிடைக்க அந்த மறதி தேவைப்படுகிறது. இடைவெளி விடுவதும் பார்க்காமல் சொல்வதும் இரண்டு தனி உத்திகள் போலத் தெரிந்தாலும் இந்த இடத்தில் ஒன்றாகச் சேர்கின்றன: இடைவெளி மீட்பைக் கடினமாக்குகிறது, கடினமான மீட்பு பதிவைப் பலமாக்குகிறது.

மூளைக்குள் இதற்கு ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்பை சினாப்ஸ் என்பார்கள். ஒன்றைக் கற்கும்போது சில சினாப்ஸ்கள் வலுப்படுகின்றன, அப்படி வலுப்பட்ட தொடர்புகளின் கூட்டத்தைத்தான் நினைவுத் தடம் என்கிறோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் காரி லிஞ்ச் குழுவினர் 2012-ல் எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் திசுவைத் தூண்டிப் பார்த்தார்கள். முதல் தூண்டுதலில் சில சினாப்ஸ்கள் வலுவடைந்தன. பத்து நிமிடத்திலோ அரை மணி நேரத்திலோ அதே தூண்டுதலைத் திரும்பக் கொடுத்தால் கூடுதல் பலன் ஏதும் இல்லை. ஒரு மணி நேரம் விட்டுக் கொடுத்தால், முதல் முறை தப்பிப்போன சினாப்ஸ்களும் சேர்ந்து வலுவடைந்தன. உடனடியாக வரும் இரண்டாவது அடி வீணாகிறது, ஏனென்றால் தயாராக இருந்தவை ஏற்கெனவே மாறிவிட்டன, மற்றவை இன்னும் தயாராகவில்லை. இது தட்டில் வைத்த திசுவில் பார்த்தது, நாள் கணக்கில் இடைவெளி விடுவதற்கான முழு விளக்கமாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒரே உட்காரலில் பத்து முறை படிப்பது ஏன் பத்து மடங்கு பலன் தருவதில்லை என்பதற்கு இது நல்ல குறிப்பு.

இனி தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். இடைவெளி எவ்வளவு?

2008-ல் நிக்கோலஸ் செபெடா, ஹால் பாஷ்லர் குழுவினர் 1354 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத பொது அறிவுத் தகவல்களைக் கற்பித்து, ஒரு இடைவெளிக்குப் பிறகு ஒரே ஒரு முறை திருப்பவைத்து, அதற்கப்புறம் ஒரு தேதியில் கடைசித் தேர்வு. இடைவெளியையும் தேர்வுத் தேதியையும் பல விதமாக மாற்றிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் எப்போதும் பொருந்தும் ஒரு எண் வரவில்லை. எவ்வளவு நாள் ஞாபகம் இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்து நல்ல இடைவெளி நீண்டுகொண்டே போனது. தேர்வு ஒரு வாரத்தில் என்றால் ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. 35 நாளில் என்றால் 11 நாள். ஒரு வருடம் கழித்து என்றால் மூன்று வாரத்துக்கு ஒட்டி. இன்னொன்றையும் கவனித்தார்கள், இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்த தகவல்: இடைவெளி தேவைக்கு மேல் நீண்டால் நஷ்டம் கொஞ்சம்தான், தேவைக்குக் குறைந்தால் நஷ்டம் அதிகம். எனவே சந்தேகம் வந்தால் ஒரு நாள் தள்ளிப் போடலாம், முன்னால் இழுக்க வேண்டாம்.

ஆனால் அவர்கள் கொடுத்தது ஒரே ஒரு ரிவிஷன். நிஜத்தில் நாம் மூன்று நாலு முறை திருப்புவோம், அப்போது முதல் இடைவெளியே 11 நாள் என்று வைத்தால் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். மறதி தொடக்கத்தில்தான் ரொம்ப வேகம். 1885-லேயே ஹெர்மன் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்தார். ஒரு நாள் கழித்து மறுபடி கற்கும்போது அவருக்கு மிச்சமான உழைப்பு மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதம் போன பின்பும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமிருந்தது. முதல் நாளில் செங்குத்தாக இறங்கி, பிறகு சாய்வாகப் போகும் கோடு. அர்த்தமுள்ள பாடம் இதைவிட மெதுவாகத்தான் மறக்கும், ஆனாலும் கோட்டின் வடிவம் இதே மாதிரிதான். அதனால் முதல் ரிவிஷன் சீக்கிரமும், அடுத்தடுத்தவை விரிந்துகொண்டும் போவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தேர்வுக்கு 35 நாள் இருக்கிறது, பாடம் சிறுநீரகத்தின் நெஃப்ரான் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் புரிந்து படிக்கிறீர்கள்: கிளாமருலஸில் ரத்தம் வடிகட்டப்படுகிறது, வடிநீர் பௌமானின் கிண்ணத்தில் விழுகிறது, அண்மைச் சுருள் நுண்குழலில் குளுக்கோஸும் தண்ணீரில் பெரும்பகுதியும் திரும்ப உறிஞ்சப்படுகின்றன, பிறகு ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல், சேகரிப்பு நாளம். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியேறுகிறது. படித்து முடித்ததும் புத்தகத்தின் ஓரத்திலோ தனித்தாளிலோ ஆறேழு கேள்விகள் எழுதி வையுங்கள், பதில் எழுத வேண்டாம். "வடிநீர் எந்த வரிசையில் போகிறது, படம் போடு." "குளுக்கோஸ் எங்கே திரும்ப எடுக்கப்படுகிறது?" "ஹென்லே வளைவின் இறங்கு பகுதியும் ஏறு பகுதியும் எதில் வேறுபடுகின்றன, அதனால் என்ன நடக்கிறது?" இந்தக் கேள்வித்தாள்தான் இனி உங்கள் ரிவிஷன் கருவி, புத்தகம் கிடையாது.

மறுநாள், அதாவது நடுவே ஒரு தூக்கம் முடிந்த பிறகு, புத்தகத்தைத் திறக்காமல் கேள்விகளை மட்டும் எடுத்து, வெற்றுத்தாளில் பதில் எழுதுங்கள். படம் ஏறத்தாழ வந்துவிடும், சேய்மைச் சுருளுக்குப் பெயர் வராமல் நிற்பீர்கள். அங்கே உடனே புத்தகத்தைத் திறக்கக் கூடாது. அரை நிமிடமாவது முயற்சி செய்யுங்கள், "அண்மை என்று ஒன்று இருந்ததே, அதற்கு எதிர் என்ன" என்று பக்கத்துத் தடங்களைத் தட்டிப் பாருங்கள். அந்தத் தேடல்தான் வேலையே. வராவிட்டால் ஒரு ஊகத்தை எழுதிவிட்டு, அப்புறம் பாருங்கள். ஊகம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, சரியான விடையை உடனே பார்த்துவிட்டால், முயன்று தோற்றபின் பார்ப்பது முயலாமல் வாசிப்பதைவிட நன்றாகப் பதிகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. விடையைப் பார்க்காமல் விட்டால்தான் ஆபத்து, அந்தத் தப்பே அடுத்த முறை சுலபமாக வந்து நிற்கும்.

நெஃப்ரானில் இது நடக்கும் இடம் ஹென்லே வளைவு. இறங்கு பகுதி தண்ணீரை வெளியே விடும். ஏறு பகுதி தண்ணீரை விடாது, உப்பை வெளியேற்றும். இதை மாற்றிப்போட்டு எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. நாலாம் நாள் ரிவிஷனில் மாற்றி எழுதிவிட்டீர்கள் என்றால் "இறங்கு, தண்ணீர், ஏறு, உப்பு" என்று பத்து முறை அங்கேயே சொல்வதில் பிரயோஜனம் குறைவு. மீட்பு வலு அந்த நிமிடம் உச்சத்தில் இருப்பதால் பத்தும் ஏறக்குறைய வீண். அதற்குப் பதிலாக, தப்பு வந்த இடத்துக்கு ஒரு காரணம் கட்டுங்கள்: ஏறு பகுதி உப்பை வெளியே தள்ளுவதால்தான் சுற்றியுள்ள திசு உப்பாகிறது, அந்த உப்புதான் இறங்கு பகுதியிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. பிறகு வேறு பாடத்தைப் பார்த்துவிட்டு அரை மணி கழித்து ஒரு முறை, மறுநாள் ஒரு முறை அந்த ஒரே கேள்வியை மட்டும் கேளுங்கள். சரியாக வந்த மற்ற கேள்விகள் தங்கள் வழியில் போகட்டும்.

இப்படிப் படித்த நாளிலிருந்து கணக்கிட்டு 1, 4, 11, 24 ஆகிய நாட்களில் திருப்பலாம். இந்த எண்களில் மந்திரம் எதுவும் இல்லை, 3-க்கும் 5-க்கும் வித்தியாசம் பெரிதாக இருக்காது. விரிந்துகொண்டே போவதும், கடைசி ரிவிஷனுக்கும் தேர்வுக்கும் நடுவே பத்து நாளாவது இருந்தாலும் தாங்கும் என்பதும்தான் முக்கியம். முதல் நாள் நாற்பது நிமிடம் எடுத்த பாடம், ரிவிஷனில் பத்து நிமிடத்தில் முடியும், ஏனென்றால் நீங்கள் வாசிப்பதில்லை, ஆறேழு கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள், தப்பானதை மட்டும் புரட்டுகிறீர்கள்.

"இருபது பாடத்துக்கு இதை எப்படிச் சமாளிப்பது" என்று பயம் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஒரு புதுப் பாடம் என்று முதல் 20 நாளில் இருபதையும் முடிக்கிறீர்கள் என்றால், 16-ம் நாள் என்ன வரும்? புதிதாக 16-ம் பாடம். திருப்ப வேண்டியவை: நேற்றைய 15-ம் பாடம், நாலு நாளுக்கு முந்தைய 12-ம் பாடம், பதினொரு நாளுக்கு முந்தைய 5-ம் பாடம். மூன்றுதான், அரை மணி நேரம். எந்த நாளும் மூன்றைத் தாண்டுவதில்லை, 22-ம் நாளிலிருந்து நாளுக்கு இரண்டோ ஒன்றோதான். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு: முதல் 11 பாடத்துக்குத்தான் நாலு ரிவிஷனும் கிடைக்கும், கடைசியில் படித்தவற்றுக்கு மூன்றுதான். ஆகவே கஷ்டமான, பெயர்கள் குழம்பும் பாடங்களை முதலில் படியுங்கள், சுலபமானதை ஆரம்பத்தில் முடித்துவிட்டு கஷ்டத்தைக் கடைசிக்குத் தள்ளும் வழக்கம் இங்கே ரொம்பக் கெடுதல்.

இடைவெளி உங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்பதைக் கேள்வித்தாளே சொல்லிவிடும். ஏழில் ஏழும் யோசனையே இல்லாமல் வந்து விழுந்தால் சீக்கிரம் திருப்பிவிட்டீர்கள், அடுத்ததைத் தள்ளிப் போடலாம். பாதிக்குக் கீழே வந்தால் தாமதமாகிவிட்டது, அல்லது முதல் நாளே பாடம் புரியவில்லை. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதும் சுலபம்: விடையைப் பார்த்ததும் "அட, ஆமாம்" என்று தோன்றினால் தாமதம், பார்த்தும் ஏன் என்று தெரியாவிட்டால் புரியவில்லை. புரியாததை எத்தனை முறை திருப்பினாலும் வராது, அதை மறுபடி கற்க வேண்டும். கொஞ்சம் யோசித்து, ஒன்றிரண்டு தவறி, மீதி எல்லாம் வந்தால் இடைவெளி சரியாக இருக்கிறது. படிக்கும்போது அது அவ்வளவு இனிமையாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தடுமாறும்போது "எனக்கு எதுவுமே ஏறவில்லை" என்று தோன்றி மறுபடி வாசிப்புக்கே ஓடிப்போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, கேள்வியைப் பார்த்ததும் "இது தெரியும்" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு விடையைத் திருப்பிப் பார்ப்பது. வாய்விட்டோ எழுதியோ முழுப் பதிலையும் வெளியே கொண்டுவராத வரை அது மீட்பு ஆகாது, மறுபடி அடையாளம் காண்பதுதான். இன்னொன்று, கேள்விகளை எப்போதும் ஒரே வரிசையில் கேட்பது. மூன்றாவது ரிவிஷனுக்குள் இரண்டாவது கேள்வியின் விடையே மூன்றாவதற்குக் குறிப்பாகிவிடும், தேர்வில் அந்தக் குறிப்பு இருக்காது. கலைத்துக் கேளுங்கள், வேறு பாடத்தின் கேள்விகளையும் நடுவே கலந்துவிடுங்கள்.

கணக்குப் பாடத்துக்கு இதே விஷயம் கொஞ்சம் மாறும். அங்கே மீட்க வேண்டியது சூத்திரம் மட்டுமில்லை, இந்தக் கணக்குக்கு எந்த வழி என்ற முடிவும்தான். போட்டு முடித்த கணக்கின் விடையைப் படித்துப் பார்ப்பது மறுவாசிப்புதான். நாலு நாள் கழித்து அதே வகைக் கணக்கை வேறு எண்களோடு, மற்ற வகைகளோடு கலந்து, வெற்றுத்தாளில் தொடங்கினால்தான் எந்த வழியை எடுப்பது என்பதை மனம் தேட வேண்டியிருக்கும்.

செல்பேசியில் கேள்வி-பதில் அட்டைகளைக் காட்டும் Anki போன்ற செயலிகள் இந்த நாள் கணக்கைத் தானாகவே பார்த்துக்கொள்கின்றன, நீங்கள் ஒவ்வொரு அட்டைக்கும் எவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று அழுத்தினால் அடுத்த தேதியை அது முடிவு செய்யும். ஒரு சொல், ஒரு வருடம், ஒரு சூத்திரம் போன்ற சின்ன விஷயங்களுக்கு அருமையாக இருக்கும். நெஃப்ரானின் முழு ஓட்டத்தை ஒரே அட்டையில் திணித்தால் அங்கே உடைந்துபோகும்: பாதி சரி பாதி தப்பு என்றால் எந்தப் பொத்தானை அழுத்துவது? அதை ஐந்தாறு அட்டைகளாகப் பிரியுங்கள், முழுப் படத்தை மட்டும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் எல்லாப் பாடத்தின் கேள்வித்தாள்களையும் எடுத்து, கடந்த ரிவிஷனில் தப்பான கேள்விகளை மட்டும் ஒரு சுற்று கேளுங்கள். இருபது பாடத்திலும் சேர்த்து முப்பது நாற்பது கேள்விதான் இருக்கும், ஒரு மணி நேரம் பிடிக்கும். அப்புறம் தூங்கப் போகலாம், அன்று படித்தது இறுகுவதற்கு அந்தத் தூக்கம் தேவை.